மண்டி மொஹல்லாவில் மின்சாரக் குறைவு

மைசூரில் மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் கரண்டில் முடி வெட்டிய முதல் ஆள் ஜடையன்தான். கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் ஹனூரிலிருந்து பிழைக்க வந்தவன். அப்போது அந்த ஊர்கள் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தன, வெள்ளைக்கார ராஜ்யம். மைசூர் வேறு ராஜ்யம். இருபது வருஷம் கத்தரிக்கோலும் கை மிஷினுமாக ஓட்டியவனுக்கு, குடகிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு காப்பித் தோட்டத்துத் துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது கரண்டில் ஓடும் அந்த மிஷின் கிடைத்தது. கைக்கு அடக்கமாக, கறுப்பாக, ஒரு முனையில் ஒயரும் மறு முனையில் பல் வைத்த இரண்டு தகடும் இருந்தன. சுவிட்சைப் போட்டால் வண்டு மாதிரி ரீங்காரம் செய்தது.

மறு மாதமே பலகையை மாற்றி எழுதிவிட்டான். 'எலக்ட்ரிக் சலூன்' என்று கன்னடத்தில் பெரிதாகவும் தமிழில் சின்னதாகவும். தன்னிடமிருந்த இரண்டு கை மிஷினையும் நஞ்சன்கூட்டில் கடை வைத்திருந்த பங்காளிக்கு, இனி எனக்கெதற்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு வருஷம் கடை நன்றாக நடந்தது. பின்கழுத்திலிருந்து காதுக்கு மேல் வரை சீராக ஏறிப்போகும் அந்த வெட்டுக்காக அக்ரஹாரத்திலிருந்துகூட நடந்து வந்தார்கள். எப்படி ஐயா இப்படி வருகிறது என்று யாராவது கேட்டால் ஜடையன் வலது கையைத் தூக்கிக் காட்டுவான். மிஷின் யாரிடமும் இருக்கலாம், கை வேண்டுமே என்பது அவன் பதில். சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிட்டான்.

அவன் மனைவி மல்லம்மா கடைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தினாள். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் அவள் மிஷினை ஜன்னலோரம் எடுத்துக்கொண்டு போவாள். என்ன செய்கிறாள் என்று கேட்டால், துடைத்து வைக்கிறாள் என்று ஜடையன் சொல்லியிருப்பான். அவன் அந்த நேரத்தில் தெரு முனையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

மார்கழி பாதியில் ஹனூரிலிருந்து ஆள் வந்தது. மகள் தேவம்மாவுக்கு இரண்டாவது பேறுகாலம். மாமியார்க்காரி படுத்த படுக்கை. கைக்காரியம் பார்க்க ஆளில்லை. மல்லம்மா அன்றே பஸ் ஏறினாள். போகும்போது, சோறு பக்கத்து வீட்டு லிங்கம்மா ஆக்கித் தருவாள், கொடியில் வேட்டி காய்கிறது, மிஷினுக்குத் தினமும் நாலு சொட்டு எண்ணெய் விடுங்க என்று மூன்று காரியம் சொன்னாள். ஜடையனுக்கு முதல் இரண்டும் ஞாபகம் இருந்தது.

நாலு நாள் கழித்து மிஷின் சூடேற ஆரம்பித்தது. தகடு வாடிக்கைக்காரர்களின் கழுத்தைச் சுட்டது. அப்போதுதான் மூன்றாவது காரியமும் நினைவுக்கு வந்தது. என்ன எண்ணெய் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். கடையில் தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தாராளமாகவே ஊற்றினான்.

அன்று சாயங்காலம் வரை மிஷின் அமைதியாக ஓடியது. மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் முனகியது. தகடு அசைந்தது, ஆனால் வெட்டுவதற்குப் பதிலாக முடியைப் பிடித்து இழுத்தது. மைசூர் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடப்பதை அவன் தினமும் பார்க்கிறவன்தான். வெயிலில் வைத்து உருக்கித்தான் வாடிக்கைக்காரர் தலையில் தேய்ப்பான். அதே எண்ணெய் இரண்டு தகட்டுக்கு நடுவிலும் உறையும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. பத்து மணிக்கு மேல் வெயில் ஏறி, மிஷினும் ஓடிச் சூடானால் எண்ணெய் இளகிவிடும், மிஷின் ஓரளவு சரியாகிவிடும். அடுத்த நாள் காலை மறுபடியும் முனகல்.

காலையில் மந்தம், மத்தியானம் தேவலை. இதற்கு ஜடையன் கண்ட காரணம் ஒன்றே ஒன்று. காலையில் ஊர் முழுக்க மாவு மில்லும் தண்ணீர் மோட்டாரும் கரண்டை இழுத்துக்கொள்கின்றன, தன் கடைக்கு வருவதற்குள் கரண்டு இளைத்துவிடுகிறது. எதிரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பசவராஜிடம் சொன்னான். அவனும் தன் கடை விளக்கு காலையில் மங்கலாக இருப்பதாகச் சொன்னான். காலையில் வெளிச்சத்தில் எந்த விளக்கும் மங்கலாகத்தான் தெரியும் என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

முடித்தூள் வேறு அந்தப் பிசுக்கில் அப்பிக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, கடை லீவு நாளில், ஜடையன் தானே மிஷினைப் பிரித்தான். கீழ்த்தகட்டைப் பிடித்திருந்த இரண்டு திருகாணியைக் கழற்றி, தகடுகளைப் பல்குச்சியால் கிளறி, மறுபடி பூட்டினான். வலது திருகாணியை முதலில் நன்றாக இறுக்கிவிட்டு அப்புறம் இடதை இறுக்கினான். இறுக்குகிற வேகத்தில் தகடு ஒரு மயிரிழை திரும்பிக்கொண்டது. கீழ்த்தகடு அசையாமல் நிற்க, அதன்மேல் மேல்தகடு இடமும் வலமும் ஓடும். மேல்தகட்டின் பல்நுனி கீழ்ப்பல்நுனிக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். இப்போது வலது ஓரத்தில் இரண்டு நுனியும் சமமாக வந்துவிட்டன. இடது ஓரத்தில் மேல்தகடு மிகவும் பின்வாங்கி நின்றது. வலப்பக்கம் ஒட்ட வெட்டித் தோலையும் கீறியது, இடப்பக்கம் முடியை நீளமாக விட்டுப்போனது. ஒவ்வொரு முறை மிஷினை மேலே ஏற்றும்போதும் தலையில் ஒரு வரப்பு விழுந்தது.

நாற்பத்தாறு வயதுக் கண்ணுக்கு அந்த மயிரிழை தெரியவில்லை. கண் மங்குகிறது என்று அவனுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். கண்ணாடி போட்ட நாவிதனிடம் யார் கழுத்தைக் கொடுப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் வந்து மாட்டிக்கொண்டவர் விஸ்வேஸ்வரன். அக்ரஹாரத்துக்காரர், கரண்ட் ஆபீசில் குமாஸ்தா. மேலதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போவதால் ஆபீசில் குரூப் போட்டோ எடுக்க ஏற்பாடாகியிருந்தது. அதற்காகவே வெட்டிக்கொள்ள வந்தார். ஜடையன் வரப்புகளைக் கத்தரிக்கோலால் சமாளித்து, கீறலுக்குப் படிகாரம் தடவி அனுப்பினான். போட்டோவில் விஸ்வேஸ்வரன் இரண்டாவது வரிசையில், பக்கவாட்டில் திரும்பி நின்றார். காதுக்கு மேல் மூன்று படிக்கட்டு துல்லியமாக விழுந்திருந்தது. அந்தப் படத்தைச் சட்டம் போட்டு ஆபீஸ் வாசலில் மாட்டினார்கள்.

அவர் நேராகச் சலூனுக்கு வந்து நியாயம் கேட்டார். ஜடையன் பணிவாகவே பதில் சொன்னான். தன் கையில் குற்றமில்லை, மிஷினிலும் இல்லை, அவர்கள் அனுப்புகிற கரண்டு சரியில்லை. விஸ்வேஸ்வரனுக்குத் தன் தலையைவிட இந்தப் பேச்சு அதிகமாக வலித்தது. பதினெட்டு வருஷமாகத் தான் வேலை செய்யும் ஆபீசை ஒருவன் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டே குறை சொல்கிறான். அப்படியானால் எழுத்தில் கொடு என்றார். கொடுக்கமாட்டான் என்று நினைத்தார்.

ஜடையன் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவனிடம் போய் இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டான். மனுவுக்கு நம்பர் விழுந்தது. நம்பர் விழுந்த காகிதத்தை அந்த ஆபீசில் யாரும் கிழிக்க முடியாது. அதற்கு ஒரு முடிவு எழுதப்படும் வரை அது மேஜைக்கு மேஜை போய்க்கொண்டிருக்கும்.

முதலில் மீட்டர் பார்க்கிற மாதப்பனை ஒரு வோல்ட் மீட்டரோடு அனுப்பினார்கள். அவன் மூன்று காலை சலூன் பெஞ்சில் உட்கார்ந்து முள்ளையே பார்த்தான். முள் நின்ற இடத்தில் நின்றது. மிஷின் முனகியது. இரண்டையும் நேர்மையாக எழுதிக் கொடுத்தான். அதைப் படித்த அதிகாரி யக்ஞநாராயணன் நிதானமான மனுஷர். முள் அசையவில்லை என்றால் கரண்டு சரியாக இருக்கிறது, அல்லது மீட்டர் கெட்டிருக்கிறது என்று ஓரத்தில் குறித்து இன்னொரு மீட்டரை அனுப்பச் சொன்னார். அந்த முள்ளும் அசையவில்லை. மிஷினைத் திறந்து பார்க்கலாம் என்று யாரும் எழுதவில்லை. மிஷின் மனுதாரரின் சொத்து, அது ஆபீசின் எல்லைக்குள் வராது.

கடைசியில், குறை தெரியாத இடத்தில் செய்யக்கூடிய காரியம் ஒன்றுதான் என்று முடிவாயிற்று. கம்பத்திலிருந்து சலூனுக்கு வரும் கம்பியை மாற்றிவிடுவது.

வேலை நடந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மல்லம்மா ஊரிலிருந்து வந்து இறங்கினாள். தேவம்மாவுக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அந்தச் சேதியோடு சந்துக்குள் திரும்பியவள் கடை வாசலில் ஏணியையும், ஏணியில் இருவரையும், கீழே கூட்டத்தையும் பார்த்து ஏதோ விபத்தென்று பயந்துபோனாள். ஜடையன் அவளுக்கு எல்லாவற்றையும் விவரித்தான். கூட்டம் கேட்க வேண்டும் என்பதற்காகச் சற்று உரக்கவே விவரித்தான். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மிஷினைக் கையில் எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"என்ன எண்ணெய்ங்க விட்டீங்க?"

"எண்ணெய்தான்" என்றான் ஜடையன்.

"தலைக்கு வைக்கிறதா?"

அவன் ஏணிக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டான்.

வேலைக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். கடைக்குள் விஸ்வேஸ்வரன் மட்டும், வேலை முடிந்த நேரத்தைக் குறிக்க வேண்டியவராதலால், நோட்டுப் புத்தகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மல்லம்மா அவரைப் பொருட்படுத்தவில்லை. சுவிட்சுப் பலகையிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள். இரண்டு திருகாணியையும் கழற்றித் தகடுகளைப் பிரித்தாள். நடுவில் மஞ்சள் மெழுகு மாதிரி எண்ணெயும் முடித்தூளும் சேர்ந்து திரண்டிருந்தது. சின்னக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றித் தகடுகளை ஊறப்போட்டாள். மிஷின் வாயிலிருந்த முடியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தாள். தகடுகளைப் பழைய பல் பிரஷ்ஷால் பல் பல்லாகத் தேய்த்து, மல் துணியில் ஈரம் போகத் துடைத்தாள். தண்ணீர் பக்கமே போகவில்லை.

பிறகு பூட்டினாள். இரண்டு திருகாணியையும் தகடு நகரும் அளவுக்கு மட்டும் முடுக்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மேற்பல் வரிசைக்கு முன்னால் கீழ்ப்பல் நகத்தின் கனம் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும்படி விரலால் மெல்லத் தள்ளினாள். இடது ஓரம், வலது ஓரம், மறுபடி இடது. சரியான பிறகு வலதுக்கு ஒரு சுற்று, இடதுக்கு ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினாள். இறுக்கி முடித்து இன்னொரு தரம் வெளிச்சத்தில் பார்த்தாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மூக்கு நீண்ட ஒரு தகரக் குப்பியை எடுத்து வந்தாள். தையல் மிஷினுக்கு விடுகிற தண்ணீர் போன்ற எண்ணெய். பல்லின் இந்தக் கோடியில் ஒரு சொட்டு, நடுவில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, தகடுகள் உரசுகிற பின்பக்கம் ஒன்று. அவ்வளவுதான்.

வெளியே, கம்பி மாற்றியாயிற்று என்று குரல் வந்தது. கரண்டு வந்தது. அவள் ஒயரைச் செருகி சுவிட்சைப் போட்டாள். மிஷின் ஒரே சீராக ரீங்காரம் செய்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பல்லின்மேல் மிஞ்சிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

விஸ்வேஸ்வரன் கிண்ணத்தைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். இரண்டு மீட்டர், ஒன்பது பக்கம் குறிப்பு, நாற்பது கெஜம் புதுக் கம்பி.

"இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார்.

மிஷின் வந்த பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது, படம் போட்டிருந்தது என்றாள் அவள். எழுத்து தெரியாததால் படத்தை மட்டும் பார்த்தாளாம்.

அவர் எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். குரல் தாழ்ந்துவிட்டது. "அம்மா, நாளைக்குப் பெரியவர் வந்து பார்ப்பார். இந்தக் கிண்ணத்தை அதுக்குள்ள எடுத்து உள்ள வெச்சுடு."

மறுநாள் காலை, நல்ல குளிரில், யக்ஞநாராயணன் நேரில் வந்தார். சோதனைக்கு வேறு தலை தேட வேண்டாம் என்று தாமே நாற்காலியில் உட்கார்ந்தார். மிஷின் வெண்ணெயில் போவது போல ஏறியது. பின்கழுத்தைத் தடவிப் பார்த்துத் திருப்தியானார். இப்போது எப்படி என்று ஜடையனைக் கேட்டார். மல்லம்மா திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது ஜடையனுக்குத் தெரியும். என்றாலும் அவன் சொன்னது இதுதான்: "கம்பி மாத்தினதும் சரியாயிடுச்சு ஸ்வாமி."

குறை நிவர்த்தி செய்யப்பட்டது என்று விஸ்வேஸ்வரன் எழுதினார். ஜடையன் கையெழுத்துப் போட்டான். ஆபீசிலிருந்து வந்த முத்திரைக் கடிதத்தைக் கண்ணாடிக்கு மேல் ஒட்டிவைத்தான்.

அடுத்த நாள் காலையில் ஜடையன் காப்பி குடித்துவிட்டு வந்தபோது மிஷின் ராத்திரி வைத்த இடத்திலேயே, பல்லில் நேற்றைய முடியோடு கிடந்தது. மல்லம்மா அடுப்படியில் இருந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் உள்ளே போய் நின்றான். மிஷின் லேசாகச் சூடேறுகிறது என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

"புதுக் கம்பி பாத்துக்குமுங்க" என்றாள் அவள், அரிசி களைந்துகொண்டே.

கல்யாணமான இந்த இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஜடையன், தனக்குக் கிட்டத்தில் இருப்பது தெரிவதில்லை என்று அவளிடம் சொன்னான். திருகாணியின் வெட்டே தெரியவில்லை, பல் எப்படித் தெரியும். சவரம் எல்லாம் விரல் ஞாபகத்தில்தான் நடக்கிறது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவனையும் உட்காரச் சொன்னாள்.

தகடுகளைத் துலக்கிப் பூட்டிவிட்டு அவன் கட்டைவிரலைப் பிடித்து நகத்தைக் கீழ்ப்பல் நுனியில் வைத்து மெல்ல உள்ளே தள்ளவைத்தாள். நகம் ஒரு சின்னப் படியில் இடித்து நின்றது. இந்த ஓரத்தில் இடிப்பதும் அந்த ஓரத்தில் இடிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் இடிக்காவிட்டால் ரத்தம் வரும் என்றாள். கண்ணால் முடியாதது கையால் சட்டென்று வந்தது. அன்று அவனே இரண்டு தரம் வேண்டுமென்றே கோணலாக்கி மறுபடி சரிசெய்து பார்த்தான். அவளுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனாலும் குப்பியை அவன் கையில் கொடுக்கவில்லை. அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் கண்ணாடிக்கு மேல் ஒட்டிய கடிதத்தைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. மாசி பிறந்ததும் மண்டி மொஹல்லாவிலிருந்து பதினோரு மனு போயிற்று. பசவராஜ் விளக்குக்காகப் போட்டான். மாவு மில்காரர் போட்டார். கோடித் தெருவில் சலூன் வைத்து, புதிதாக ஒரு கரண்ட் மிஷின் வாங்கியிருந்த சித்தையன், தன் மிஷின் முடியை இழுக்கிறது, தனக்கும் கம்பி மாற்ற வேண்டும் என்று போட்டான். எல்லாவற்றுக்கும் நம்பர் விழுந்தது. ஒருவருக்குச் செய்ததை இன்னொருவருக்கு மறுக்க முடியாது என்று யக்ஞநாராயணன் எழுதிவிட்டார்.

ஒரு புதன்கிழமை விஸ்வேஸ்வரன் சலூனுக்கு வந்தார். முடி வெட்டிக்கொள்ள அல்ல. ஜடையனிடம் பொதுவாக ஏதோ பேசிவிட்டு, வீட்டு அம்மாளைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்றார். மல்லம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். இன்றைக்குச் சித்தையன் கடைக்குக் கம்பி மாற்றுகிறோம், கம்பி மாற்றினாலும் அவன் மிஷின் இழுக்கத்தான் போகிறது, மறுபடி மனு வரும், அதற்கு எழுத ஒரு காரணமும் தன்னிடம் பாக்கியில்லை என்றார். அவர் கேட்க வந்தது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. அவர் வாயால் கேட்கட்டும் என்று சும்மா நின்றாள்.

"நீ ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போகணும்" என்றார் விஸ்வேஸ்வரன்.

அவள் கணவனைப் பார்த்தாள். சித்தையன் தொழிலில் எதிரி. ஜடையனின் வாடிக்கையில் பாதியைக் கொண்டுபோகத் துடிக்கிறவன். ஜடையன் தன் கட்டைவிரல் நகத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, போய்ட்டு வா, ஆனா அவங்கிட்ட தேங்காய் எண்ணெய் விஷயத்துல நம்ம கடை பேரைச் சொல்லிடாதே என்றான்.

அவள் குப்பியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். கோடித் தெருவில் ஏணி சாத்தியிருந்தது. மாதப்பன் கீழே நின்று கம்பியை அளந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும், எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்காமல், ஏணியைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டான். மேலே இருந்தவன் பழைய கம்பியைக் கத்தரித்தான். உள்ளே மல்லம்மா சித்தையனிடம் ஒரு கிண்ணம் கேட்டாள்.